பச்சை வாசனை போகும் வரை

மூன்று பத்திகள், ஒரு பத்திக்கு எண்பது சொற்களுக்கு மேல் போகக் கூடாது. பொருள், அம்மாவின் சமையலறை வாசனைகள். வடிவம், உரைநடைக் கவிதை. ஒரு சிற்றிதழின் சிறப்பிதழுக்காக என்னிடம் கேட்டது இவ்வளவுதான். பக்கத்துக்கு ஒருவர் என்று இருபது பெண்களிடம் கேட்டிருந்தார்கள். அளவைப் பார்த்தவுடன் ஒரு மாலையில் முடிந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதத்தில் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அம்மாவின் சமையலறை என்று தலைப்புக் கொடுத்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். இருபது ஆண்டுகளாக வகுப்பில் கவிதைப் பயிற்சி கொடுக்கிறேன். முதலாமாண்டு மாணவிகளில் பாதிப் பேர் கேட்காமலே இதைத்தான் எழுதிக்கொண்டு வருவார்கள். பெருங்காயம், கறிவேப்பிலை, உருகும் நெய், மழைநாளில் வறுத்த காப்பிக்கொட்டை. வரிக்கு ஒரு வாசனை. கடைசி வரியில் அம்மாவின் முந்தானை. படித்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இந்தக் கவிதைகள் எல்லாவற்றிலும் ஒரு விஷயம் பொதுவாக இருக்கிறது. எழுதுகிறவள் வாசற்படியில் நிற்கிறாள், அம்மா உள்ளே நிற்கிறாள்.

இது உவமை அல்ல, மூக்கின் இயல்பு. ஒரு வாசனைக்குள் தொடர்ந்து சில நிமிடங்கள் இருந்தால் மூக்கு அதைச் சொல்வதை நிறுத்திவிடும். பூக்கட்டுகிறவளுக்கு மல்லிகை மணப்பதில்லை. வெளியிலிருந்து வருகிறவருக்குத்தான் ஒரு வீட்டுக்கு வாசனை உண்டு. காலை ஐந்து மணியிலிருந்து அடுப்பின் முன்னால் நிற்பவளுக்கு அடுப்படி மணக்காது. அவள் மூக்குக்கு எட்டுவது மாற்றம் மட்டும்தான்: பால் அடிப்பிடிக்கத் தொடங்குவது, எண்ணெய் காய்ந்துவிட்டது, நேற்றைய குழம்பு ஊசிவிட்டது. அப்படியானால் 'அம்மாவின் சமையலறை வாசனை' என்று நாம் இத்தனை காலம் எழுதி வந்தது, அப்பாவும் அண்ணனும் பள்ளிக்கூடம் விட்டு வந்த நாமும் முகர்ந்த வாசனை. அம்மா முகர்ந்தது வேறு.

என் அம்மாவின் சமையலறை அடி அண்ணாமலையில் இருக்கிறது. திருவண்ணாமலைக் கோயிலுக்கு நேர் பின்னால், மலைக்கு மேற்கே, பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பாதியைத் தாண்டினால் ஆதி அண்ணாமலையார் கோயில் வரும். அதை ஒட்டிய ஊர். பௌர்ணமிதோறும் ஊரே வாசனை மாறிவிடும். கற்பூரம், சாம்பிராணி, வியர்வை, அன்னதானப் பந்தல்களின் புளிசாதம். மற்ற நாட்களில் எங்கள் ஊருக்கு மல்லாட்டை வாசனை. மற்ற ஊர்க்காரர்கள் வேர்க்கடலை என்பதை நாங்கள் மல்லாட்டை என்போம். வறுக்கும்போது ஒரு வாசனை, செக்கில் ஆட்டும்போது ஒரு வாசனை, புண்ணாக்கை மாட்டுக்கு ஊறவைத்தால் மூன்றாவது ஒன்று. கடலைத் தோலை அடுப்பில் போட்டு எரிப்போம், அது நான்காவது.

முதல் வரைவு பட்டியலாகத்தான் வரும், வரட்டும் என்று மாணவிகளிடம் சொல்வதுண்டு. எனக்கும் அப்படித்தான் வந்தது. எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொரு வாசனைகள். கேழ்வரகுக் களி கிண்டும்போது வரும் மண்வாசனை, நெல் புழுக்கும் அண்டா, புளித்த மாவு, மழைக்காலத்தில் காயாத வரட்டி, கருவாடு சுடுவது, பம்பு ஸ்டவ்வின் மண்ணெண்ணெய், அம்மிக்கல்லில் அரைத்த மிளகாய், ஈர வேலிகாத்தான் கட்டையின் புகை. இந்தப் பட்டியலை வரிகளாக உடைத்துப்போட்டால் கவிதை மாதிரித் தெரியும். வரிமுறிவு அவ்வளவு பெரிய உதவி. ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் ஒரு வரியில் தனியாக நிறுத்திவிட்டால், சுற்றியிருக்கும் வெள்ளைத்தாளே மீதி வேலையைச் செய்துவிடும். 'பெருங்காயம்' என்று எழுதி அடுத்த வரிக்குப் போனால் வாசகி தன் வீட்டுப் பெருங்காயத்தை அங்கே நிரப்பிக்கொள்வாள்.

பத்தியில் அந்த வசதி இல்லை. உரைநடைக் கவிதையில் ஓரம் தாளின் ஓரம்தான், எழுதுகிறவள் வைத்தது அல்ல. முப்பத்தொரு பெயர்ச்சொற்களைக் காற்புள்ளி போட்டுப் பத்தியாக்கிப் பார்த்தேன், மளிகைச் சீட்டாகிவிட்டது. பத்தி பெயர்ச்சொல்லைத் தாங்காது, வினைச்சொல்லைத்தான் தாங்கும். யார், எதை, எதற்குப் பிறகு, எதற்கு முன்னால் செய்தாள் என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும். பாரதி 'காட்சி' என்ற தலைப்பில் எழுதிய வசன கவிதைகளில் கூடக் காற்றும் ஒளியும் சும்மா நிற்பதில்லை, எதையாவது செய்துகொண்டே இருக்கின்றன. தமிழில் வசன கவிதை என்ற பெயர் பின்னால் புதுக்கவிதைக்குள் கரைந்துபோய், வரி உடைத்து எழுதுவதே வழக்கமாகிவிட்டது. வரி உடைக்காமல் முழுப் பத்தியாகக் கவிதை எழுதுகிறவர்கள் நம்மிடம் இன்றும் குறைவு.

சமையலறை வாசனைக்கு நம் மொழியில் மிகப் பழைய முன்னோடி ஒன்று உண்டு. குறுந்தொகையின் 167ஆம் பாடல், கூடலூர் கிழார் பாடியது. முல்லைத் திணை. திருமணமான பெண்ணின் வீட்டைப் பார்த்துவிட்டு வந்த செவிலி, நற்றாயிடம் சொல்வது. கட்டித் தயிரைக் கையால் பிசைந்திருக்கிறாள் அந்தப் பெண். பிசைந்த விரலைத் துடைத்த சேலையை மாற்றாமல் உடுத்தியிருக்கிறாள். தாளிக்கும் புகை அவள் கண்ணில் ஏறுகிறது. அவளே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் நன்றாயிருக்கிறது என்று சாப்பிட, அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. ஆறே வரி.

தாளிதத்துக்கு அந்தப் பாடலில் இருக்கும் சொல் 'குய்'. எண்ணெயில் கடுகு விழும் ஓசையையே பெயராக வைத்தது போல் இருக்கிறது என்று வகுப்பில் சொல்வேன், பிள்ளைகள் சிரிப்பார்கள். முனைவர் பட்டத்துக்காக இந்தப் பாடலை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். இந்த மூன்று பத்திகளுக்காகப் படித்தபோது கண்ணில் பட்டவை இரண்டு.

ஒன்று, புகை எங்கே போகிறது என்பது. வாசனை பற்றிய பாடலில் அது மூக்கில்தானே ஏற வேண்டும்? இங்கே கண்ணில் ஏறுகிறது. சமைக்கிறவளுக்கு வாசனை முதலில் எரிச்சல். உரைகாரர்கள் இந்தப் பாடலை இல்லறத்தின் இனிமைக்கு எடுத்துக்காட்டாகவே வாசித்து வந்திருக்கிறார்கள். இனிமை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் குவளைப் பூ போன்ற அந்தக் கண்கள் நாற்பது ஆண்டுகள் அந்தப் புகைக்குள் இருந்தால் என்ன ஆகும் என்பதும் அந்த வரிக்குள் இருக்கிறது. விறகுப் புகை பெண்களின் நுரையீரலை என்ன செய்கிறது என்று இன்று மருத்துவம் பேசுகிறது. எங்கள் தெருவில் புகையிலையைத் தொட்டே பார்க்காத பாட்டிகள் பீடி குடித்தவர்களைப் போல இருமிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது, இலக்கணம். அந்த ஆறு வரியும் ஒரே வாக்கியம். பிசைந்த, உடுத்து, கமழ, சமைத்த என்று எச்சங்களாகவே அடுக்கிக்கொண்டு போய்க் கடைசியில்தான் வினைமுற்று வருகிறது. அந்த முற்றுக்கு எழுவாய் அவள் முகம். அது மலர்வதற்குக் காரணம் கணவன் சாப்பிட்டது. அதாவது, அத்தனை எச்சங்களும் போய்ச் சேருமிடம் அவன் நாக்கு. தமிழ் வாக்கியம் அப்படிப்பட்டது. கடைசியில் வரும் வினைமுற்று யாருடையதோ அவருடையதாகிவிடும், அதற்கு முன்னால் நடந்த வேலையெல்லாம். அப்போது எனக்கு ஒரு வழி கிடைத்தது. முதல் பத்தியை ஒரே வாக்கியமாக எழுதுவது, எச்சங்களை அடுக்குவது, ஆனால் சாப்பிடுகிறவன் வரும் முன்பே முற்றை வைத்துவிடுவது.

எதை அடுக்குவது? முப்பத்தொன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன், 'பச்சை வாசனை'. பெயரில்தான் அது வாசனை. உண்மையில் அது ஒரு கடிகாரம். 'பச்சை வாசனை போகும் வரை வதக்கு', 'பச்சை வாசனை போகும் வரை கொதிக்க விடு' என்பதைத் தவிர வேறு நேரக் கணக்கு என் அம்மாவுக்கு இல்லை. எத்தனை நிமிஷம் என்று கேட்டால் கோபம் வரும். அடுப்பு வேறு, பாத்திரம் வேறு, புளி பழசா புதுசா என்பது வேறு, நிமிஷம் எப்படிச் சொல்வது என்பாள்.

காரக்குழம்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் குறைந்தது ஐந்து இடத்தில் மூக்கு முடிவெடுக்க வேண்டும். கடலை எண்ணெய் காயும்போது முதலில் பச்சைக் கடலை வாசனை வரும். அது மாறி வறுத்த கடலை மாதிரி லேசாக வந்ததும் கடுகு போடலாம். கடுகு வெடித்து ஓய்ந்ததும் வெந்தயம். இதுதான் ஆபத்தான இடம். வெந்தயம் பொன்னிறத்திலிருந்து சிவப்புக்கு வரும்போது கருப்பட்டி மாதிரி ஒரு மணம் எழும். அதற்குப் பிறகு இரண்டு மூச்சு விடும் நேரம்தான், கறுத்துவிடும். கறுத்தால் குழம்பு முழுக்கக் கசக்கும், பிறகு எதைப் போட்டாலும் போகாது. அதனால் வெங்காயத்தை முன்கூட்டியே நறுக்கிக் கைக்கருகில் வைத்திருப்பாள். வெங்காயத்தின் ஈரம் விழுந்ததும் எண்ணெயின் சூடு இறங்கி வெந்தயம் பிழைத்துக்கொள்ளும்.

வெங்காயம் முதலில் காரமாக, கண்ணைக் கரிக்க வைத்து, பிறகு இனிப்பு வாசனைக்கு வரும். அப்போது பூண்டு, தக்காளி. அதன்பின் குழம்புத் தூள். தூளுக்கும் பச்சை வாசனை உண்டு, மல்லியின் மாவு வாசனை. அது போவதற்கும் மிளகாய் தீய்ந்து தொண்டை கமறுவதற்கும் இடையில் இருப்பது ஒரு கிளறல். பக்கத்து வீட்டில் தும்மினால் தாமதமாகிவிட்டது என்று அர்த்தம். அதற்கு முன்பே புளிக்கரைசல் விழுந்துவிட வேண்டும்.

புளியின் பச்சை வாசனைதான் நீண்டது. கொதிக்கத் தொடங்கியதும் மூக்கைச் சுருக்க வைக்கும் ஒரு கூர்மை ஏறும், கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கும், பிறகு ஒரு கணத்தில் இறங்கும். இறங்கியதை எப்படிக் கண்டுபிடிப்பது? எதுவும் புதிதாக மணக்காது. இருந்த ஒன்று இல்லாமல் போயிருக்கும், அவ்வளவுதான். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து மிதப்பது கண்ணுக்கான அடையாளம், ஆனால் அம்மா கண்ணை நம்பியதில்லை. எண்ணெய் கூடப் போனால் முன்பே பிரிந்துவிடும், குறைந்தால் பிரியவே பிரியாது என்பாள்.

இந்த அறிவுக்கு நம்மிடம் பெயர் இல்லை. கைப்பக்குவம் என்று சொல்லி, அதையும் பாசத்தின் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' 1988இல் தொகுப்பாக வந்தபோது, சமையலறை வீட்டில் எங்கே இருக்கிறது என்பதே அதிகாரம் பற்றிய கேள்வி என்று ஒரு தலைமுறைப் பெண்கள் கண்டுகொண்டோம். அங்கே நிற்பவளின் மூக்குக்கு என்ன தெரியும் என்பதும் அதே வரிசையில் வர வேண்டிய கேள்விதான்.

வாசனைக்கு ஏறும் மதிப்பும் இறங்கும் மதிப்பும் வீட்டுக்கு வெளியேதான் தீர்மானமாகும். பழந்தமிழில் நாற்றம் என்றால் வெறும் மணம்தான். திருக்குறளில் பூவின் வாசனைக்கே அந்தச் சொல் வருகிறது. பிறகு அது கீழே தள்ளப்பட்டுவிட்டது. நான் ஆறாவது படிக்கும்போது, என் சீருடையில் புகை நாற்றம் அடிக்கிறது என்று சொல்லி ஒரு ஆசிரியை என்னை ஜன்னலோரத்துக்கு மாற்றி உட்கார வைத்தார். வீட்டில் ஒரே அறை, அடுப்பும் கொடிக்கயிறும் அதற்குள்தான். அம்மாவின் புகை கவிதைக்குள் வரும்போது மணம். வகுப்பறைக்குள் வந்தபோது நாற்றம். 2006 தேர்தலுக்குப் பிறகு தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுத்த திட்டத்தில்தான் எங்கள் வீட்டுக்குச் சிலிண்டர் வந்தது. விறகடுப்புச் சோற்று வாசனை போய்விட்டதே என்று வருத்தப்பட்டது என் தாய்மாமா. அம்மா வருத்தப்பட்டுப் பார்த்ததில்லை.

இதெல்லாம் எழுதினால் கட்டுரையாகிவிடும், ஆகியும் விட்டது. மூன்று பத்திக்குள் வர வேண்டியது வேறு ஒன்று.

2021 மே மாதம் அம்மாவுக்குக் கொரோனா வந்தது. ஆக்சிஜன் தேவைப்படவில்லை, வீட்டிலேயே தேறிவிட்டாள். மூக்கு மட்டும் திரும்பவில்லை. முதலில் ஒன்றுமே தெரியவில்லை. நான்கு மாதம் கழித்துத் தெரியத் தொடங்கியது, ஆனால் தப்பாக. காப்பியும் வதங்கும் வெங்காயமும் அவளுக்குச் சாக்கடையாக மணந்தன. சாப்பாட்டைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆறு கிலோ இறங்கினாள். காது மூக்குத் தொண்டை மருத்துவர் பயிற்சி ஒன்று சொல்லிக் கொடுத்தார். ரோஜா, நீலகிரித் தைலம், எலுமிச்சை, கிராம்பு, இந்த நான்கையும் காலையும் மாலையும் ஒவ்வொன்றாக இருபது வினாடி முகர வேண்டும். முகரும்போது அதன் பழைய வாசனையை மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும். மாதக்கணக்கில் செய்ய வேண்டும். அம்மா செய்தாள். கிராம்பு கொஞ்சம் திரும்பி வந்தது. எலுமிச்சையும். சாக்கடை போய்விட்டது. பச்சை வாசனை வரவில்லை.

ஆனால் சமையலை விடவில்லை. கடுகைக் காதால் கேட்டாள். வெந்தயத்துக்கு இரும்புச் சட்டியை விட்டுவிட்டு, நிறம் தெரிய வேண்டும் என்று வெள்ளி நிற அலுமினியச் சட்டிக்கு மாறினாள். குழம்பில் எண்ணெயை எப்போதும் ஒரே கரண்டியால் அளந்து ஊற்றத் தொடங்கினாள், கண்ணை நம்பக் கற்றுக்கொண்டாள். புளியில் மட்டும் அவளுக்குச் சந்தேகம் தீரவே இல்லை. நான் ஊருக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அடுப்படியிலிருந்து கூப்பிடுவாள். "ஏம்மா, பச்ச வாசன பூட்ச்சா பாரு."

அந்தக் கேள்வி கிடைத்த பிறகு எழுதுவதற்கு ஒரு வாரம்தான் ஆயிற்று. எழுதியது இது:

எண்ணெய் காய்ந்த வாசனை வந்ததும் கடுகைப் போட்டு, கடுகு வெடித்து ஓய்ந்ததும் வெந்தயத்தைப் போட்டு, வெந்தயம் கசப்புக்குத் திரும்பும் முன் வெங்காயத்தைக் கொட்டி, வெங்காயம் காரத்தை விட்டு இனிப்புக்கு வந்ததும் பூண்டைச் சேர்த்து, தூளைத் தூவி, தொண்டை கமறும் முன் புளியை ஊற்றி, புளியின் பச்சை வாசனை ஏறி, நின்று, இறங்கும் வரை, ஈர வேலிகாத்தான் கட்டையின் புகைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணை மூடி, மூக்கை மட்டும் திறந்துவைத்து, ஒருத்தி காத்திருக்கிறாள்.

உள்ளே வருகிறவர்களுக்குத்தான் மணக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அப்பாவுக்கு இன்றைக்கு என்ன குழம்பு என்று தெரிந்துவிடுகிறது. பள்ளிக்கூடப் பையோடு வரும் எனக்குத் தெரிந்துவிடுகிறது. மலை சுற்றிக் களைத்து எங்கள் திண்ணையில் உட்காரும் வெளியூர்க்காரிக்கும் தெரிந்துவிடுகிறது. காலையிலிருந்து உள்ளேயே இருப்பவளுக்கு அடுப்படி மணக்காது. எங்கள் தட்டில் சோறு விழுந்த பிறகு, உப்புப் போதுமா என்று கேட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைக்கிறாள். முந்தானையில் புகை இருக்கிறது. அதுவும் அவளுக்குத் தெரிவதில்லை.

ஒரு காய்ச்சல் வந்து மூக்கை எடுத்துக்கொண்டு போனது. இப்போது சிலிண்டர் அடுப்பு, புகை இல்லை, ஒன்றுமே இல்லை. கடுகைக் காதால் கேட்கிறாள். வெந்தயத்தைக் கண்ணால் பார்க்கிறாள். புளி கொதிக்கும்போது மட்டும் திரும்பி, பச்சை வாசனை போய்விட்டதா பார் என்கிறாள். நான் குனிந்து முகர்கிறேன். நாற்பது வருஷம் வாசலில் நின்று முகர்ந்த மூக்கு. போய்விட்டதா, இன்னும் இருக்கிறதா என்று அதற்குச் சொல்லத் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும் என்கிறேன். கொதிக்கிறது.

மாணவிகள் கேட்பார்கள் என்பதால் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். முதல் பத்தியில் உவமை ஒன்றுகூட இல்லை. கருப்பட்டி மாதிரி என்று வெந்தயத்துக்கு ஓர் உவமை வைத்திருந்தேன், எடுத்துவிட்டேன். சமைக்கிறவளுக்கு அந்த நேரத்தில் கருப்பட்டி நினைவுக்கு வராது. 'முன்', 'வரை', '-தும்' என்ற காலச் சொற்கள்தான் அவள் மொழி. இரண்டாம் பத்தியில் வாக்கியங்கள் முற்றி முற்றி நிற்கின்றன, ஏனென்றால் வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு வாசனை ஒரு முடிந்த செய்தி. 'அம்மா' என்ற சொல் மூன்று பத்தியிலும் இல்லை. தலைப்பிலேயே கேட்டிருக்கிறார்களே என்று இதழிலிருந்து தொலைபேசியில் கேட்டார்கள். அப்பாவும் நானும் உள்ளே இருக்கிறோம், அவள் யாரென்று தெரியாதா என்றேன். விட்டுவிட்டார்கள்.

முப்பத்தொன்றில் மிச்சமிருப்பவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். மண்ணெண்ணெய். அதை நான்கு தடவை உள்ளே கொண்டுவந்து, நான்கு தடவையும் வெளியே எடுத்தேன். நான் வளர்ந்த காலத்தில் 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு' என்ற செய்தி தினசரிகளில் சாதாரணமாக வரும். ஏன் எப்போதும் மருமகள்கள் பற்றவைக்கும்போது மட்டும் ஸ்டவ் வெடிக்கிறது என்று எங்கள் தெருவில் யாரும் உரக்கக் கேட்டதில்லை. ஆனால் பெண் கேட்டு வருகிற வீட்டில் ஸ்டவ்வா விறகா என்று அம்மா விசாரிப்பாள். சமையலறை வாசனைகளில் அது ஒன்றுக்கு மட்டும் ஏக்கம் சேரவே சேராது. எண்பது சொல் பத்தியில் அந்த வாசனை ஒரு துளி விழுந்தாலும் மற்ற எல்லாமே அதைப் பற்றியதாகிவிடும். அதற்குத் தனியாக மூன்று பத்திகள் வேண்டும். இன்னும் எழுதவில்லை.

சிலிண்டர் வாயுவுக்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தைக் கலக்கிறார்கள். நாம் கேஸ் வாசனை என்பது அதுதான். மூக்கு இருக்கிறவர்களுக்காக வைத்த எச்சரிக்கை. போன ஆண்டு ஒரு நாள், குமிழ் சரியாக மூடாமல் அம்மா உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் கீரை கொண்டுவந்த அக்கா கத்தியதால் தப்பித்தோம். வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும் என்பதால் எச்சரிக்கைக் கருவியைத் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் பொருத்த வேண்டும். அடுத்த வாரமே வாங்கி, அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் மாட்டினேன்.

இதழ் வந்ததும் மூன்று பத்தியையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "கருவாட்ட வுட்டுட்டியே" என்றாள். மூன்று பத்திதான் கொடுத்தார்கள் என்றேன். "அதுக்கு இன்னா, வெங்காயத்த எடுத்துட்டு அத்தப் போடறது." பிறகு எழுந்து அடுப்படிக்குப் போனாள். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நான் பின்னாலேயே போய்க் குனிந்து முகர்ந்துவிட்டு, போய்விட்டது என்று நினைக்கிறேன் என்றேன். அம்மா தரையோரத்தில் பச்சை விளக்கோடு இருந்த கருவியைக் காட்டினாள்.

"நெனக்கிறியா? அதுங்கிட்ட கேளு."